விதிப்புத்தகத்திலிருந்து ஆடுகளம் வரை: ரோபோ போட்டிக்கு ஒரு புதிய அணி ஆறு வாரங்களில் ஆயத்தமாவது எப்படி

கல்லூரிகளுக்கிடையிலான ரோபோ போட்டிக்கு முதன்முறையாகப் பெயர் கொடுக்கும் அணிகள் பெரும்பாலும் விதிப்புத்தகம் கைக்கு வந்த அன்று மாலையே மோட்டார் வாங்கக் கிளம்பிவிடுகின்றன. நானும் என் முதல் போட்டியில் அப்படித்தான் செய்தேன். அதன்பின் சில ஆண்டுகள் போட்டியாளனாகவும், பிறகு இளைய மாணவர்களுக்கு வழிகாட்டியாகவும் இருந்து பார்த்ததில், மோட்டாரைத் தொடுவதற்கு முந்தைய மூன்று நாட்களில் எடுக்கப்படும் முடிவுகளே மீதி ஐந்தரை வாரங்கள் எப்படிக் கழியும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன என்று கண்டிருக்கிறேன். ஆகவே இந்தக் கட்டுரை விதிகளைப் படிப்பதிலும், அவற்றைக் கணக்காக மாற்றுவதிலும், அந்தக் கணக்கைக் கொண்டு எதைச் செய்வது, எதைக் கைவிடுவது என்று முடிவு செய்வதிலும் கவனம் செலுத்துகிறது.

பேச்சு பொத்தாம்பொதுவாகப் போய்விடாமல் இருக்க, புதிய அணிகளுக்குப் பயிற்சி தருவதற்காக நான் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் ஒரு கற்பனையான விதித்தொகுப்பையே முழுக்கப் பின்பற்றுவோம். ஆடுகளம் 3 மீட்டர் நீளமும் 2.4 மீட்டர் அகலமும் கொண்டது. நடுவில் 5 செ.மீ. பக்கமுள்ள, ஏறத்தாழ 80 கிராம் எடையுள்ள 12 மரக்கட்டைகள் சிதறிக் கிடக்கும். ரிமோட்டால் இயக்கப்படும் ரோபோ ஒரு கட்டையைத் தரையிலுள்ள வலயத்துக்குள் சேர்த்தால் 5 புள்ளிகள், 20 செ.மீ. உயரமுள்ள அடுக்கில் வைத்தால் 12 புள்ளிகள். ஆட்டம் முடியும் நொடியில் ரோபோ 20 பாகை சரிவில் ஏறி மேலேயுள்ள மேடையில் முழுவதுமாக நின்றுகொண்டிருந்தால் 30 புள்ளிகள். ஆட்ட நேரம் 180 நொடிகள். ரோபோவைக் கையால் தொட்டால் ஒவ்வொரு முறையும் 10 புள்ளிகள் குறையும். தொடக்கத்தில் ரோபோ 30 செ.மீ. கனசதுரத்துக்குள் அடங்க வேண்டும், எடை 5 கிலோவைத் தாண்டக் கூடாது, எந்த இரு புள்ளிகளுக்கிடையிலும் மின்னழுத்தம் 12 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. உங்கள் போட்டியின் எண்கள் வேறாக இருக்கும். செய்ய வேண்டிய கணக்கு இதேதான்.

முதல் படி: விதிகளை மூன்று முறை படித்தல்

விதிப்புத்தகத்தை அணியில் ஒருவர் மட்டும் படித்துவிட்டு மற்றவர்களுக்குச் சொல்வது பெரிய தவறு. எல்லோரும் தனித்தனியாக ஒருமுறை முழுதும் படிக்க வேண்டும். முந்தைய ஆண்டு பங்கேற்ற மூத்தவர்கள் அணியில் இருந்தால் அவர்களுக்கு இது இன்னும் அவசியம், ஏனெனில் பழைய விதிகள் அவர்கள் நினைவில் புதிய விதிகளின் மேல் படிந்துகிடக்கும். ஆசிய-பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியம் 2002 முதல் நடத்திவரும் ரோபோகானில் ஆண்டுதோறும் ஆட்டமே மாறுகிறது. ஆட்டம் மாறாத சிறு போட்டிகளிலும் எடை வரம்போ அபராதமோ ஓசைப்படாமல் மாறியிருக்கும்.

இரண்டாவது முறை எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, ஒருவர் உரக்க வாசிக்க, மற்றொருவர் ஒரு தாளை மூன்றாகப் பிரித்துக் குறிப்பெடுக்க வேண்டும். முதல் பகுதியில், மீறினால் ஆட முடியாது என்ற வரம்புகள்: அளவு, எடை, மின்னழுத்தம், அவசர நிறுத்தப் பொத்தான் போன்றவை. இரண்டாவது பகுதியில், புள்ளி தரும் செயல்களும் புள்ளி குறைக்கும் செயல்களும். மூன்றாவது பகுதியில், விதி எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறது என்பது. இந்த மூன்றாவது பகுதிதான் மிக மெதுவாக நிரம்பும், ஆனால் மிகுந்த பயன் தரும்.

நம் எடுத்துக்காட்டில் அந்தப் பகுதியில் என்னென்ன வரும் என்று பாருங்கள். கட்டையை வலயத்தில் ‘சேர்க்க வேண்டும்’ என்றுதான் விதி சொல்கிறது. தூக்கிச் செல்ல வேண்டுமா, தரையோடு தள்ளிச் செல்லலாமா என்று சொல்லவில்லை. ஒரே நேரத்தில் எத்தனை கட்டைகளைக் கொண்டுபோகலாம் என்றும் சொல்லவில்லை. தொடக்கத்தில் 30 செ.மீ. என்கிறது, ஆட்டம் தொடங்கியபின் கையை நீட்டி அதைத் தாண்டலாமா? ஐந்து கிலோவில் பேட்டரி அடக்கமா? ஒருமுறை நான் உட்கார்ந்திருந்த வாசிப்புக் கூட்டத்தில், அதுவரை வாய் திறக்காத ஒரு முதலாண்டு மாணவி, “அண்ணா, வலயத்துக்குள்ள முழுசா இருக்கணும்னு போட்டிருக்கு. அந்த வெள்ளைக் கோடு உள்ளே சேருமா, வெளியே சேருமா?” என்று கேட்டாள். கோட்டின் அகலம் 3 செ.மீ. கட்டையின் பக்கம் 5 செ.மீ. தள்ளிவிட்டுப் பின்வாங்கும் ரோபோவுக்கு அந்த 3 செ.மீ. எவ்வளவு பெரிது என்பதைப் பயிற்சி தொடங்கியபின்தான் மற்றவர்கள் உணர்ந்தார்கள்.

இந்தக் கேள்விகள் அனைத்தையும் ஒரே கடிதமாக அமைப்பாளர்களுக்கு எழுதி, பதிலையும் எழுத்தில் பெற வேண்டும். தொலைபேசியில் கிடைத்த பதிலைப் போட்டி நாளன்று நடுவரிடம் காட்ட முடியாது. கேள்வியை ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று பதில் சொல்லக்கூடியதாக அமையுங்கள்: “ஆட்டம் தொடங்கியபின் ரோபோவின் கை 30 செ.மீ. எல்லைக்கு வெளியே நீளலாமா?” என்று கேட்டால் தெளிவான பதில் வரும், “அளவு விதியை விளக்கவும்” என்று கேட்டால் விதியின் அதே வரியைத் திருப்பி அனுப்புவார்கள். பதில் வரும்வரை, கடுமையான பொருளே சரியானது என்று கொண்டு வடிவமைப்பது பாதுகாப்பானது. மூன்றாவது வாசிப்பை, கையில் முதல் மாதிரி இருக்கும்போது, அதாவது இரண்டு வாரங்கள் கழித்துச் செய்யுங்கள். முன்பு கண்ணில் படாத வரிகள் அப்போது படும்.

இரண்டாம் படி: புள்ளிகளை நொடிகளாக மாற்றுதல்

புதிய அணிகளின் விவாதங்களில் ‘கை வைத்தால் நிறையப் புள்ளி வரும்’ என்பது போன்ற வாக்கியங்கள் மணிக்கணக்காக ஓடும். ஒரு கட்டைக்கு எத்தனை நொடிகள் ஆகும் என்று கேட்டால் விவாதம் ஒரு திசைக்கு வரும். இதை ஊகிக்கத் தேவையில்லை. தரையில் சாக்குக்கட்டியால் ஆடுகளத்தை வரைந்து, ஓர் அட்டைப்பெட்டியை ரோபோவாக வைத்து, ஒருவர் அதை நொடிக்கு 40 செ.மீ. வேகத்தில் நகர்த்த, மற்றொருவர் கடிகாரம் பிடித்தால் போதும். புதிய ஓட்டுநரின் கையில், திருப்பங்களையும் தயக்கங்களையும் சேர்த்தால், ரோபோவின் சராசரி வேகம் அதன் உச்ச வேகத்தில் பாதி அளவே இருக்கும் என்பதால் இந்த 40 செ.மீ. என்ற எண்ணைக் கொள்கிறேன்.

அப்படி அளந்தபோது கிடைத்ததாக மூன்று வடிவங்களை ஒப்பிடுவோம். முதலாவது, கட்டையைப் பிடித்துத் தூக்கி அடுக்கில் வைக்கும் கை. ஒரு கட்டைக்குப் போய்வர 8 நொடிகள், கட்டைக்கு நேராக நின்று பிடிக்க 8, அடுக்கின் முன் சரியாக நின்று தூக்கி வைக்க 9, மொத்தம் 25 நொடிகள். சரிவேற்றத்துக்கு 30 நொடிகளை ஒதுக்கினால் மீதி 150 நொடிகளில் 6 கட்டைகள், 72 புள்ளிகள். ஏற்றத்தையும் சேர்த்தால் 102. இரண்டாவது, முன்புறம் இரு சிறகுகள் கொண்ட வெறும் தள்ளுபலகை. ஒரு நடைக்கு 3 கட்டைகள், 20 நொடிகள். 4 நடைகளில் 80 நொடிகளுக்குள் 12 கட்டைகளும் முடிந்து 60 புள்ளிகள், ஏற்றத்தோடு 90. அதற்கு மேல் அந்த வடிவத்தால் போக முடியாது. 70 நொடிகள் வீணாக மிஞ்சும்.

காகிதத்தில் கை 12 புள்ளிகள் முன்னே நிற்கிறது. ஆனால் அந்த 72 புள்ளிகள் ஆறு முயற்சிகளும் பலித்தால்தான் வரும். தள்ளுபலகையின் 60 புள்ளிகளை எட்டவே ஆறில் ஐந்து பலிக்க வேண்டும். புதிய அணி செய்த பிடிப்பான் முதல் மாதத்தில் பத்தில் ஏழு முறை பிடித்தால் அதுவே நல்ல நிலை. ஆறு முயற்சிகளில் நான்கு பலித்தால் 48, ஏற்றத்தோடு 78. அதாவது தள்ளுபலகையை விட 12 புள்ளிகள் குறைவு. கையைச் செய்ய இரண்டு வாரங்களும், பலகையைச் செய்ய இரண்டு நாட்களும் ஆகும் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

மூன்றாவது வடிவம் இந்த இரண்டையும் எண்களாக எழுதிவைத்ததால்தான் கண்ணில் படுகிறது. தள்ளுபலகையால் 3 நடைகளில் 9 கட்டைகளை 60 நொடிகளில் முடித்துவிட்டு (45 புள்ளிகள்), மிஞ்சிய மூன்றை மட்டும் கையால் 75 நொடிகளில் அடுக்கில் வைத்தால் 36 புள்ளிகள். ஏற்றத்துக்கு 30. மொத்தம் 111 புள்ளிகள், செலவான நேரம் 165 நொடிகள். இரண்டு தனி வடிவங்களையும் இது மிஞ்சுகிறது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, கை பழுதடைந்தாலும் அதே மூன்று கட்டைகளைத் தள்ளிவிட்டு 15 புள்ளிகளைப் பெற்று, 90 என்ற தளத்தில் நிற்க முடியும் என்பது. ஒரு பகுதி தோற்றால் மற்றவை தனியே நின்று புள்ளி சேர்க்கும்படியான வடிவத்தையே முதல் முறை போட்டியிடும் அணி தேட வேண்டும்.

இந்தக் கணக்கு செய்யும் வரிசையையும் சொல்லிவிடுகிறது. ஏற்றத்தின் 30 புள்ளிகள் ஆறு தரைக் கட்டைகளுக்குச் சமம், அதற்குத் தனி இயந்திரமும் தேவையில்லை; நல்ல அடிச்சட்டம் போதும். எனவே முதலில் ஏறக்கூடிய அடிச்சட்டம், அடுத்துத் தள்ளுபலகை, கடைசியில் கை.

மூன்றாம் படி: அடிச்சட்டமும் மோட்டாரும்

சரிவில் ஏறுவதற்கு எவ்வளவு விசை தேவை என்பதைக் கணக்கிட்டபின் மோட்டாரைத் தேர்ந்தெடுங்கள். 5 கிலோ ரோபோவைப் புவி 49 நியூட்டன் விசையோடு இழுக்கிறது. 20 பாகை சரிவில் அதன் ஒரு பங்கு, அதாவது 49-ஐ 0.34-ஆல் பெருக்கினால் வரும் ஏறத்தாழ 17 நியூட்டன், ரோபோவைப் பின்னோக்கி இழுக்கும். உராய்வு இழப்புகளையும் சேர்த்து 20 நியூட்டன் என்று கொள்வோம். சக்கரத்தின் ஆரம் 5 செ.மீ. என்றால் தேவையான மொத்த முறுக்குவிசை 1 நியூட்டன் மீட்டர். இரண்டு மோட்டார்களுக்குப் பகிர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் 0.5, கடைகளில் குறிக்கும் அலகில் ஏறத்தாழ 5 கிலோ-செ.மீ.

இங்கே புதியவர்கள் 5 கிலோ-செ.மீ. என்று அட்டையில் எழுதியிருக்கும் மோட்டாரை வாங்கிவிடுவார்கள். அங்கே குறிக்கப்படுவது பெரும்பாலும் மோட்டார் சுழலாமல் திணறி நிற்கும்போது தரும் உச்ச முறுக்குவிசை. அந்த நிலையில் அது நகராது, சூடாக மட்டும் செய்யும். வேலை செய்யும் முறுக்குவிசை அந்த உச்சத்தில் கால் பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது நான் பின்பற்றும் அளவு. ஆகவே நமக்குத் தேவை 20 கிலோ-செ.மீ. உச்சம் கொண்ட, நிமிடத்துக்கு 150 சுற்று மோட்டார்கள் இரண்டு. 10 செ.மீ. விட்டமுள்ள சக்கரம் ஒரு சுற்றுக்கு 31.4 செ.மீ. நகரும் என்பதால் உச்ச வேகம் நொடிக்கு 78 செ.மீ. வரும், முன்பு எடுத்துக்கொண்ட 40 செ.மீ. சராசரிக்கு இது பொருந்துகிறது. 300 சுற்று மோட்டார் வாங்கி வேகத்தை இரட்டிப்பாக்கலாமே என்ற ஆசை கட்டாயம் எழும். அதே அளவு மோட்டாரில் வேகம் இரட்டித்தால் முறுக்குவிசை பாதியாகும், சரிவு கைவிட்டுப் போகும், கட்டையின் முன் துல்லியமாக நிற்பதும் கடினமாகும்.

முறுக்குவிசை இருந்தாலும் பிடிமானம் இல்லாவிட்டால் ஏற முடியாது. எல்லாச் சக்கரங்களும் இயக்கப்பட்டால் 20 பாகைக்குத் தேவையான உராய்வுக் கெழு 0.36 மட்டுமே. இரண்டு சக்கரங்கள் இயங்கி, மறுமுனையில் ஓர் உருளைச் சக்கரம் சும்மா உருளும் அமைப்பில், எடையில் பாதி அந்தச் சும்மா உருளும் சக்கரத்தின்மேல் விழுந்தால், தேவையான கெழு 0.73 ஆகிவிடும். வண்ணம் பூசிய பலகையில் தூசி படிந்த ரப்பர் சக்கரத்துக்கு அது எட்டாத அளவாக இருக்கலாம். எனவே பேட்டரியை இயங்கும் சக்கரங்களுக்கு நேர் மேலே வையுங்கள். சரிவில் எடை கீழ்ப்பக்கம் சாயும் என்பதால், இயங்கும் சக்கரங்கள் கீழ்ப்பக்கம் இருக்கும்படியான திசையில் ஏறுங்கள். தேவைப்பட்டால் ரோபோ பின்புறமாகவே ஏறட்டும்.

ஏறாதபோது காரணம் எது என்பதைப் பார்த்தே சொல்லிவிடலாம். சக்கரம் சுழன்றுகொண்டிருக்க ரோபோ நின்ற இடத்திலேயே நின்றால் குறை பிடிமானத்தில். சக்கரத்தைத் துடைத்து, எடையை நகர்த்திப் பாருங்கள். சக்கரமும் நின்று, மோட்டார் முனகி, டிரைவர் பலகை சூடேறினால் குறை முறுக்குவிசையில். எடையைக் குறைப்பதோ சிறிய சக்கரம் மாட்டுவதோதான் வழி. சக்கரத்தின் விட்டத்தை 10-இலிருந்து 8 செ.மீ. ஆக்கினால் தள்ளும் விசை கால் பங்கு கூடும், வேகம் ஐந்தில் ஒரு பங்கு குறையும். போட்டிக்கு இரண்டு நாள் இருக்கையில் இதைவிட மலிவான திருத்தம் கிடையாது; சட்டத்தின் அடிப்பக்கம் சரிவின் விளிம்பில் தட்டாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: மின்சாரம்

மின்னழுத்த விதிக்குத் திரும்புவோம். எந்த இரு புள்ளிகளுக்கிடையிலும் 12 வோல்ட்டைத் தாண்டக் கூடாது என்ற வரியைப் படித்துவிட்டு, மூன்று செல் லித்தியம் பாலிமர் பேட்டரி 11.1 வோல்ட்தானே என்று வாங்குகிறவர்கள் உண்டு. 11.1 என்பது பெயரளவு மதிப்பு. முழுதாக மின்னேற்றினால் ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட், மொத்தம் 12.6. சோதனை மேசையில் நடுவர் மல்டிமீட்டரை வைத்தால் ரோபோ வெளியே. பெயரளவு மதிப்பைத்தான் கணக்கில் கொள்வோம் என்று அமைப்பாளர் எழுத்தில் தராவிட்டால், செல்லுக்கு 3.95 வோல்ட்டோடு மின்னேற்றத்தை நிறுத்திவிடுங்கள். மொத்தம் 11.85 வோல்ட் வரும், கொள்ளளவில் கொஞ்சம் குறையும், மூன்று நிமிட ஆட்டத்துக்கு அது தாராளமாகப் போதும். இத்தகைய பேட்டரியை ஆளில்லாத அறையில் மின்னேற்ற விட்டுச் செல்லாதீர்கள். உப்பியதைத் தூக்கி வைத்துவிடுங்கள், அதை மறுபடி மாட்ட வேண்டாம்.

என் முதல் போட்டியில் எங்களைத் தோற்கடித்தது வேறொரு மின்சாரக் குறை. அறையில் மேசைமேல் சக்கரங்களை உயர்த்தி வைத்துச் சோதித்தபோது எல்லாம் சரியாக ஓடியது. ஆடுகளத்தில் ஓட்டுநர் முன்னோக்கிய முழு வேகத்திலிருந்து சட்டென்று பின்னோக்கி இழுத்தபோதெல்லாம் ரோபோ அரை நொடி செத்து மீண்டும் உயிர்பெற்றது. ரிமோட்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து அதையே மாற்றிக்கொண்டிருந்தோம். ஆட்டம் முடிந்தபின் ஒருவர் தரையில் படுத்துக்கொண்டு கட்டுப்பாட்டுப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். திசை மாறும் ஒவ்வொரு முறையும் அதன் சிறு பச்சை விளக்கு ஒரு கணம் அணைந்து, பிறகு தொடக்கத்தில் சிமிட்டுவதுபோல் சிமிட்டியது. பலகை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்கிக்கொண்டிருந்தது.

காரணம் எளியது. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரை எதிர்த்திசையில் திருப்பினால், அது திணறி நிற்கும்போது இழுக்கும் மின்னோட்டத்தைப்போல் ஏறத்தாழ இரு மடங்கைக் கண நேரம் இழுக்கக்கூடும். மெல்லிய ஒயரும் தளர்ந்த இணைப்பும் இருந்தால் அந்த நேரத்தில் மின்னழுத்தம் சரிந்து, கட்டுப்பாட்டுப் பலகைக்குப் போகும் 5 வோல்ட்டும் சரியும். மூன்று திருத்தங்கள் சேர்ந்து இதைத் தீர்க்கும். மோட்டாருக்கு தடிமனான ஒயரும் கட்டுப்பாட்டுப் பலகைக்குத் தனி மின்னழுத்தக் குறைப்பானும் கொடுத்து, தரை இணைப்பை மட்டும் பொதுவாக வைப்பது ஒன்று. மாணவர்கள் வழக்கமாக வாங்கும் எல்298என் டிரைவர் பலகையைத் தவிர்ப்பது இரண்டாவது. அது ஒரு மோட்டாருக்கு 2 ஆம்பியருக்குமேல் தாங்காது, போதாக்குறைக்குத் தன்னிடமே 2 வோல்ட் அளவுக்கு விழுங்கிவிடும். நம் மோட்டார் திணறும்போது 4 ஆம்பியர் அளவில் இழுக்கக்கூடியது என்பதால் அதைத் தாங்கும் மாஸ்ஃபெட் வகை டிரைவர் வேண்டும். மூன்றாவது, நிரலில் வேகத்தைப் படிப்படியாக மாற்றுவது. ஒவ்வொரு 10 மில்லி நொடிக்கும் ஒருமுறை ஓடும் இந்த இரு வரிகள் போதும்:

```cpp
if (now < want) now = min(now + 15, want);
else            now = max(now - 15, want);
```

முழு முன்வேகமான 255-இலிருந்து முழுப் பின்வேகமான -255-க்குப் போக ஏறத்தாழ மூன்றில் ஒரு நொடி ஆகும். ஓட்டுநருக்கு அது தெரியவே தெரியாது, பலகைக்குத் தெரியும்.

ஐந்தாம் படி: கையும், அதைக் கைவிடும் தேதியும்

கையின் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தோள் மூட்டைத் தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் வைத்து, 20 செ.மீ. நீளக் கையைப் பொருத்தினால் அது தரையிலுள்ள கட்டையையும் எட்டும், அடுக்கின் மேலும் உயரும். கட்டையும் பிடிப்பானும் சேர்ந்து 200 கிராம் என்றால், கை கிடையாக நீண்டிருக்கும் மிகக் கடினமான நிலையில் 4 கிலோ-செ.மீ., கையின் சொந்த எடைக்கு இன்னும் 1. ஐந்துக்கு இரு மடங்காக, 10 கிலோ-செ.மீ. சர்வோ தேவை. தோளுக்குப் பின்னால் இரண்டு ரப்பர் வளையங்களைக் கட்டி எடையைச் சமன்செய்தால் சர்வோவின் சுமை பாதியாகக் குறையும், அது நடுங்குவதும் நிற்கும். ஆட்டம் தொடங்கியபின் அளவு விரியலாம் என்ற பதில் கடிதத்தில் வந்திருந்தால்தான் இந்தக் கையே சாத்தியம் என்பதையும் மறக்க வேண்டாம். தொடக்கத்தில் அது உடலின்மேல் மடிந்து கிடக்க வேண்டும்.

இப்போது நாட்காட்டி. 42 நாட்களில் முதல் 3 நாட்கள் விதிகளுக்கும் கணக்குக்கும். 12ஆம் நாளுக்குள் அடிச்சட்டம் சரிவில் ஏறியிருக்க வேண்டும். 16ஆம் நாளுக்குள் தள்ளுபலகை பொருத்தி, முழு 180 நொடி ஆட்டம் ஒன்றை ஆடி முடித்திருக்க வேண்டும். இந்த நாளை நான் மிகவும் வலியுறுத்துவேன்: 16ஆம் நாளன்றே போட்டி என்றாலும் உங்களிடம் 90 புள்ளிகளுக்கு ஆடக்கூடிய ரோபோ ஒன்று இருக்கிறது. அதற்குப் பிறகுதான் கை.

கைக்கு ஒரு கடைசித் தேதியையும் ஓர் அளவையும், வேலை தொடங்கும் முன்பே, சுவரில் எழுதி ஒட்டுங்கள்: 30ஆம் நாள் மாலை, ஓட்டுநர் ரிமோட்டில் ஓட்டி, பத்துக் கட்டைகளில் எட்டை அடுக்கில் வைக்க வேண்டும், இல்லையேல் கை கழற்றப்படும். இரண்டு வாரம் உழைத்த ஒன்றைக் கழற்றச் சொல்வது அணிக்குள் மனத்தாங்கலை உண்டாக்கும், குறிப்பாக அந்தக் கையைச் செய்தவருக்கு. முன்கூட்டியே எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவு இருந்தால் அந்த முடிவை எந்தத் தனி மனிதரும் சுமக்க வேண்டியதில்லை. ‘இன்னும் இரண்டு நாள் கொடுத்தால் சரியாகிவிடும்’ என்ற வாக்கியம் அன்று மாலை கட்டாயம் கேட்கும். அந்த இரண்டு நாட்கள் ஓட்டுநரின் பயிற்சியிலிருந்துதான் எடுக்கப்படும் என்பதைச் சொல்லிக்காட்டுவது அணித்தலைவரின் கடமை.

35ஆம் நாளோடு இயந்திரத்தில் எந்த மாற்றமும் இல்லை. உடைந்ததை மாற்றலாம், புதிதாகச் சேர்க்கக் கூடாது.

ஆறாம் படி: கடைசி வாரம்

கடைசி ஏழு நாட்களில் ஒரே ஓட்டுநர் குறைந்தது 40 முழு ஆட்டங்களை ஆட வேண்டும். மாற்று ஓட்டுநர் ஒருவர் 10. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள்: எத்தனை கட்டைகள், ஏற்றம் பலித்ததா, எந்த நொடியில் நேரம் வீணானது, என்ன கழன்றது. இருபது வரிகள் சேர்ந்ததும் ஒரே திருகு நான்கு முறை தளர்ந்திருப்பது தெரியவரும். மூலையில் ஒதுங்கிய கட்டைகளுக்கு 20 நொடிகளுக்குப் பதில் 35 நொடிகள் ஆவதும் தெரியவரும். நம் கணக்கில் மிஞ்சிய 15 நொடிகளும் பெரும்பாலும் அங்கேதான் போகும்.

ஓட்டுநரின் கண் கட்டைமேலேயே இருக்கும் என்பதால் கடிகாரத்தை அவரால் பார்க்க முடியாது. அருகே நிற்கும் ஒருவர் நேரத்தை உரக்கச் சொல்ல வேண்டும். 60, 100, 130 என்று சொல்லி, 140ஆம் நொடியில் “ஏறு” என்று சொன்னால், கையில் கட்டை இருந்தாலும் ஓட்டுநர் அதைப் போட்டுவிட்டுச் சரிவுக்குத் திரும்ப வேண்டும். ஒரு கட்டை 12, ஏற்றம் 30 என்பது அந்த நொடியில் யாருக்கும் கணக்கிட வராது. அதனால்தான் அதை இப்போதே பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். பயிற்சியில் ஒருமுறைகூட இந்தக் கட்டளையை மீறாத ஓட்டுநரையே முதல் ஓட்டுநராக வையுங்கள், அவர் வேகமானவராக இல்லாவிட்டாலும்.

சோதனை மேசைக்கான ஆயத்தம் ஒரு மாலை வேலை. உட்புறம் சரியாக 30 செ.மீ. கொண்ட, அடிப்பக்கம் திறந்த பெட்டி ஒன்றைத் தடித்த அட்டையில் செய்து ரோபோவின்மேல் இறக்குங்கள். எங்கேயும் உரசாமல் தன் எடையிலேயே தரையைத் தொட வேண்டும். சட்டம் 30 செ.மீ.க்கு வரையப்பட்டிருந்தால் திருகின் தலையோ, வெட்டாமல் விட்ட கேபிள் டையின் வாலோ, வளைந்து நிற்கும் ஆன்டெனாவோ பெட்டியைத் தடுக்கும். ஆகவே சட்டத்தைத் தொடக்கத்திலேயே 28.5 செ.மீ.க்கு வரைவது நல்லது. எடையையும் 4.6 கிலோவுக்குள் வைத்திருங்கள். வேறொரு தராசு 100 கிராம் கூடக் காட்டக்கூடும், கடைசி நேரத்தில் ஒட்டும் வலுப்பட்டைக்கும் இடம் வேண்டும்.

போட்டி நாளன்று எடுத்துச் செல்லும் பெட்டியில் மின்னேற்றி அளந்து தேதியிட்ட மூன்று பேட்டரிகள், ஏற்கெனவே ஒயர் பற்றவைத்து வைத்த மாற்று மோட்டார் ஒன்று, மாற்று டிரைவர் பலகை, அதே நிரல் ஏற்றிய இரண்டாவது கட்டுப்பாட்டுப் பலகை, அமைப்பாளர்களின் எழுத்துப் பதில்களின் அச்சுப்படி ஆகியவை இருக்கட்டும். முதல் ஆட்டத்துக்கு முன் ஆடுகளத்தைத் தொட்டுப் பார்க்க அனுமதித்தால், ஓட்டுநர் முதலில் செல்ல வேண்டிய இடம் சரிவு. அதன் மேற்பரப்பை விரலால் தேய்த்து, தூசி எவ்வளவு ஒட்டுகிறது என்று பாருங்கள். ஒட்டினால், ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்பும் ஈரத் துணியால் சக்கரங்களைத் துடைத்து, ஈரம் காய்ந்தபின் ரோபோவைத் தொடக்கக் கட்டத்தில் வையுங்கள்.